முப்பது சாம்பிளில் நூறு சதவீதம்: பரிசோதனைக் கிட்டுகளை மதிப்பிடும் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நுண்ணுயிரியல், சமூக மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு,

மருத்துவக் கல்லூரியில் உயிரியல் புள்ளியியல் கற்பிக்கிறேன். தீசிஸ் சமர்ப்பிக்கும் காலம் நெருங்கும்போது உங்களில் பலர் அட்டவணைகளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருகிறீர்கள். ஒரு ரேப்பிட் கிட்டையோ எலைசாவையோ ஆர்டி-பிசிஆருடன் ஒப்பிட்டிருப்பீர்கள். நோயுள்ளவர்களின் சாம்பிள் முப்பதோ நாற்பதோ இருக்கும். நோயில்லாதவர்களின் சாம்பிளும் ஏறக்குறைய அவ்வளவே. அட்டவணையின் கடைசி வரியில் ‘சென்சிட்டிவிட்டி 93.3%, ஸ்பெசிஃபிசிட்டி 100%’ என்று இருக்கும். பக்கத்தில் வேறு எதுவும் இருக்காது. முடிவுரையில் ‘இந்தக் கிட்டைக் களத்தில் பயன்படுத்தப் பரிந்துரைக்கிறோம்’ என்று எழுதியிருப்பீர்கள்.

அந்த 100% என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நம்பிக்கை இடைவெளி ஏன் இருந்தே ஆக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். விதிமுறை கேட்கிறது, தேர்வாளர் கேட்பார் என்பதெல்லாம் காரணம் இல்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் உங்கள் அட்டவணை படிப்பவருக்குத் தவறான செய்தியைச் சொல்கிறது. அதை நம்பி ஒருவர் மருந்து எழுதுவார், இன்னொருவர் ஒரு ஊரையே கணக்கெடுக்கக் கிளம்புவார்.

முதலில் முப்பதுக்கு முப்பது என்பதையே எடுத்துக்கொள்வோம். நோயில்லாத 30 பேரின் சீரத்தைக் கிட்டில் விட்டீர்கள், 30-ம் நெகட்டிவ் என்று வந்தது. ‘தவறே இல்லை’ என்று நமக்குத் தோன்றுகிறது. இப்போது கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: உண்மையில் தவறு செய்யும் ஒரு கிட், இந்த 30 சாம்பிளில் தவறே காட்டாமல் தப்பிவிட எவ்வளவு வாய்ப்பு?

நூற்றுக்கு 2 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாம்பிளில் சரியாகச் சொல்ல அதற்கு 0.98 வாய்ப்பு. முப்பதிலும் சரியாகச் சொல்ல 0.98-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும், 0.545 வரும். அதாவது பாதிக்கு மேற்பட்ட தடவை அந்தக் கிட் உங்கள் மேசையில் ‘100%’ வாங்கிவிடும். நூற்றுக்கு 5 பேரைத் தவறாகச் சொல்லும் கிட்டுக்கும் இதே கணக்கைப் போட்டால் 0.215. ஐந்து ஆய்வகங்கள் தனித்தனியே முப்பது முப்பது சாம்பிளில் சோதித்தால், சுமாராக ஒரு ஆய்வகம் அதற்கும் நூறு சதவீதம் கொடுத்துவிடும். நூற்றுக்கு ஒன்பதரைப் பேரைத் தவறாகச் சொல்லும் கிட்டுக்குக்கூட இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்த இடத்தில்தான் ‘இதற்கு மேல் போனால் நம் முடிவோடு பொருந்தவில்லை’ என்று கோடு போடுகிறோம். இரண்டு பக்கமும் பார்க்கும் வழக்கமான 95% கணக்கில் அந்தக் கோடு 11.6%-இல் விழும்.

நம்பிக்கை இடைவெளி என்பது இந்தத் திருப்பிப்போட்ட கேள்விக்கான விடைதான். நாம் கண்ட முடிவோடு முரண்படாமல் நிற்கக்கூடிய உண்மை விகிதங்கள் எவை எவை என்று அது பட்டியலிடுகிறது. 30-க்கு 30 என்ற முடிவோடு 0% தவறும் பொருந்துகிறது, 2%-ம் பொருந்துகிறது, 5%-ம் பொருந்துகிறது, 10%-ம் பொருந்துகிறது. இவற்றில் எது உண்மை என்று சொல்லும் சக்தி அந்த முப்பது சீரத்துக்கு இல்லை.

கையில் கணினி இல்லாதபோது நினைவில் வைத்துக்கொள்ள ஒரு எளிய வழி உண்டு. தவறு ஒன்றுமே வராதபோது, 3-ஐ சாம்பிள் எண்ணிக்கையால் வகுத்தால் தவறு விகிதத்தின் ஒரு பக்க மேல் எல்லை ஏறக்குறைய கிடைத்துவிடும். 30 சாம்பிளுக்கு 10%, 300 சாம்பிளுக்கு 1%. ஹேன்லியும் லிப்மேன்-ஹேண்டும் 1983-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்க ஏற்றது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் வழுக்குகிறீர்கள். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கும் சூத்திரத்தை, அதாவது விகிதத்தோடு 1.96 மடங்கு திட்டப்பிழையைக் கூட்டிக் கழிப்பதை, இங்கே போட்டால் 100%-க்கு இடைவெளி ‘100 முதல் 100 வரை’ என்று வரும். விகிதம் 1 என்றால் திட்டப்பிழை பூஜ்யமாகிவிடுவதே காரணம். சாம்பிள் குறைவாகவும் விகிதம் ஓரத்திலும் இருக்கும்போது அந்தச் சூத்திரம் உதவாது. வில்சன் 1927-இலும், கிளாப்பரும் பியர்சனும் 1934-இலும் இதற்கு வழி சொல்லிவிட்டார்கள். ஆர் மென்பொருளில் ஒரே வரி போதும்:

```
binom.test(30, 30)$conf.int
binom.test(25, 37)$conf.int
```

முதல் வரி 0.884 முதல் 1 வரை என்று தரும். இரண்டாவது வரி 0.502 முதல் 0.820 வரை. அந்த 25, 37 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 3,330 பேரின் ரத்தத்தில் கோவிட் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று ரேப்பிட் கிட்டால் பார்த்தார்கள். 50 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது, அதாவது 1.5%. வயது போக மற்ற மக்கள்தொகைக் கூறுகளுக்கும், கிட்டின் தவறுகளுக்கும் ஈடு செய்து, அந்தக் கவுண்டியில் 2.5 முதல் 4.2 சதவீதம் பேருக்கு, அதாவது 48,000 முதல் 81,000 பேருக்கு, ஏற்கெனவே தொற்று வந்துபோயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அரசுக் கணக்கில் இருந்த நோயாளிகளைப் போல 50 முதல் 85 மடங்கு. கட்டுரை ஏப்ரல் 17 அன்று முன்வெளியீடாக வந்தது. தொற்று இவ்வளவு பரவலாக இருக்கிறதென்றால் அதன் இறப்பு விகிதம் நினைத்ததைவிட மிகக் குறைவு, ஊரடங்கு தேவையா என்ற வாதம் உடனே கிளம்பியது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு எண்ணின் மேல் நிற்கிறது: கிட்டின் ஸ்பெசிஃபிசிட்டி. நோய் அரிதாக இருக்கும் ஊரில் சோதிக்கப்படும் எல்லோருமே ஏறக்குறைய நோயில்லாதவர்கள்தான். கிட் அவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகச் சொன்னால்கூட 3,330 பேரில் 33 பாசிட்டிவ் சும்மாவே வந்துவிடும்.

ஆய்வாளர்கள் அந்தக் கிட்டைத் தங்கள் ஆய்வகத்தில் எத்தனை சாம்பிளில் சோதித்தார்கள்? கோவிட் வருவதற்கு முன் இடுப்பு அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களின் 30 சீரத்தில். முப்பதும் நெகட்டிவ். உங்கள் தீசிஸ் அட்டவணையில் இருக்கும் அதே முப்பதுக்கு முப்பது. அவர்கள் அதற்கு இடைவெளியும், மேலே சொன்ன ஒன்பதரை சதவீதக் கோட்டின்படி, அச்சிட்டிருந்தார்கள்: 90.5 முதல் 100 வரை. கீழ் எல்லையான 90.5% உண்மையானால் 3,330 பேரில் 316 பேருக்குத் தவறான பாசிட்டிவ் வரவேண்டும். வந்ததே 50-தான். ஆக, அந்த முப்பது சாம்பிளை மட்டும் வைத்து அந்தக் கவுண்டியின் தொற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது.

அதனால் தயாரிப்பாளர் தந்த தரவையும் சேர்த்துக்கொண்டார்கள். 371 நெகட்டிவ் சாம்பிளில் 2 தவறு. இரண்டும் சேர்ந்து 401-இல் 2. தவறு விகிதம் 0.5%, ஸ்பெசிஃபிசிட்டி 99.5%. கேட்க அருமையாக இருக்கிறது. 3,330 பேருக்கு 0.5% என்றால் 17 தவறான பாசிட்டிவ். 50-இல் 17 போனால் மீதி 33 பேர் உண்மையான பாசிட்டிவ். இப்படித்தான் புள்ளி மதிப்பீட்டை மட்டும் பார்ப்பவர் கணக்குப் போடுவார்.

இப்போது இடைவெளியோடு போட்டுப் பாருங்கள். 401-இல் 2 என்பதன் 95% இடைவெளி 0.06 முதல் 1.8 சதவீதம் வரை. மேல் எல்லையில் 3,330 பேருக்கு 60 தவறான பாசிட்டிவ் வரும். ஆய்வில் கிடைத்தது 50. அதாவது அந்த 50 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வந்திருக்கவில்லை என்று ஒருவர் சொன்னாலும், கிட்டைப் பற்றி அன்று கையில் இருந்த தரவு அவரை மறுக்காது. 0.5% என்ற எண் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த எண் எவ்வளவு ஆடக்கூடியது என்பதுதான் முழு ஆய்வின் முடிவையும் தீர்மானித்தது.

கவனியுங்கள், கட்டுரையில் ஸ்பெசிஃபிசிட்டிக்கான இடைவெளி அச்சாகியே இருந்தது. விமர்சகர்களின் புகார், அந்த இடைவெளியின் அகலம் கடைசி எண்ணுக்குள் சரியாக இறங்கவில்லை என்பதுதான். 98.3 முதல் 99.9 வரை என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, இன்னொரு பக்கத்தில் தொற்று குறைந்தது 2.5% என்று எழுதினால் இரண்டும் ஒத்துப்போகாது. உங்கள் தீசிஸிலும் இது நடக்கும்: அட்டவணை 3-இல் இடைவெளி இருக்கும், முடிவுரையில் அது காணாமல் போயிருக்கும். இடைவெளி அடைப்புக்குறிக்குள் தூங்குவதற்காக எழுதப்படுவதில்லை. அதன் இரண்டு ஓரங்களையும் எடுத்து, அடுத்த கணக்கில் போட்டு, முடிவு இரண்டு பக்கமும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து நடந்தது இன்னும் பாடம் சொல்கிறது. ஏப்ரல் 30 அன்று ஆய்வாளர்கள் திருத்திய கட்டுரையை வெளியிட்டார்கள். இந்த முறை 13 இடங்களிலிருந்து 3,324 நெகட்டிவ் சாம்பிள்களின் முடிவைச் சேர்த்திருந்தார்கள். அவற்றில் 16 தவறு. விகிதம் என்ன? மீண்டும் 0.5%தான். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றே. ஆனால் இடைவெளி 0.28 முதல் 0.78 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மேல் எல்லையிலும் 26 தவறான பாசிட்டிவ்தான். 50-இல் குறைந்தது 24 மிஞ்சும். இடைவெளி இல்லாத அட்டவணையில் இந்த இரண்டு நிலைகளும் ‘99.5%’ என்று ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்றில் தொற்று இருக்கிறதா என்றே சொல்ல முடியாது, மற்றதில் இருக்கிறது என்று சொல்ல வழி பிறக்கிறது.

வழி பிறக்கிறது என்றுதான் சொன்னேன், தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. அந்த 13 தொகுப்புகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றில் 1,102 சாம்பிளில் ஒரு தவறும் இல்லை. இன்னொன்றில் 31-இல் 2 தவறு. வேறொன்றில் 52-இல் 2, மற்றொன்றில் 150-இல் 4. ஒரே விகிதத்தில் தவறு செய்யும் கிட்டிலிருந்து இப்படிப்பட்ட எண்கள் வருவது அரிது. சாம்பிள் யாருடையது, வேறு என்ன நோய் இருந்தது, யார் கோட்டைப் படித்தார்கள் என்பதைப் பொறுத்து கிட்டின் தவறு மாறியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி இடைவெளி போட்டால், அது இருக்கவேண்டியதைவிட ஒடுக்கமாக வரும். ஆண்ட்ரூ கெல்மனும் பாப் கார்ப்பென்டரும் அதே ஆண்டு இந்தத் தரவை எடுத்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி ஸ்பெசிஃபிசிட்டி இருக்கலாம் என்று இடம்விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படி இடம்விட்டால் நிச்சயமின்மை மறுபடி விரிகிறது. இரண்டு மூன்று மருத்துவமனைகளில் சாம்பிள் எடுப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்: மொத்தத்தோடு கூட ஒவ்வொரு இடத்தின் எண்ணையும் தனியே அச்சிடுங்கள்.

இதே ஆய்வில் சிறிய சாம்பிளுக்கு நியாயம் செய்யும் ஒரு பகுதியும் இருக்கிறது. கிட்டின் சென்சிட்டிவிட்டியைப் பார்க்க, தொற்று உறுதியான 37 பேரின் சீரத்தை ஸ்டான்ஃபோர்டில் சோதித்தார்கள். 25 மட்டுமே பாசிட்டிவ். 67.6%, இடைவெளி 50 முதல் 82 வரை. மிக அகலமான இடைவெளிதான். ஆனால் தயாரிப்பாளரின் தரவு சொன்ன எண் 91.8%. அது உண்மையானால் 37-இல் 3 தான் தவறவேண்டும், தவறியதோ 12. 91.8 என்பது இடைவெளியின் மேல் எல்லையைத் தாண்டி வெளியே நிற்கிறது. ஆக, 37 சாம்பிள் கிட்டின் உண்மை மதிப்பைச் சொல்லவில்லை. ஆனால் ‘எங்களிடம் இருக்கும் நோயாளிகளிடம் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் வராது’ என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிறிய ஆய்வு ஒரு கிட்டை நல்லது என்று உறுதிசெய்யத் தடுமாறும். மோசமான கிட்டைக் காட்டிக்கொடுக்க அதற்குத் தெம்பு உண்டு. நாற்பது சாம்பிள்தான் கிடைத்தது என்று உங்களில் யாரும் மனம் உடையவேண்டாம். அந்த நாற்பதால் எதைச் சொல்ல முடியும் என்பதை இடைவெளி சொல்லும். அதை மட்டும் சொல்லுங்கள்.

இடைவெளியால் முடியாத வேலைகளையும் சொல்லவேண்டும். அது சாம்பிள் எண்ணிக்கை குறைவதால் வரும் ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது. சாம்பிளைத் தேர்ந்தெடுத்த, படித்த, கணக்கிட்ட விதத்தில் இருக்கும் கோணல் அதில் சேராது.

முதலில் கோட்டைப் படிப்பது. ரேப்பிட் கார்டைப் பதினைந்தாவது நிமிடம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது, கன்ட்ரோல் கோடு அழுத்தமாகவும் டெஸ்ட் கோடு இருக்கிறதா இல்லையா என்ற மங்கலிலும் இருக்கும் ஒரு கார்டாவது வரும். சீரம் நெகட்டிவ் ரேக்கிலிருந்து வந்தது என்று முன்பே தெரிந்தவர் அதை ‘நெகட்டிவ்’ என்பார். தெரியாதவர் ‘வீக் பாசிட்டிவ்’ என்று எழுதக்கூடும். அந்த ஒரு கார்டு மாறினால் 30-இல் 0 என்பது 30-இல் 1 ஆகிறது. தவறு விகிதத்தின் மேல் எல்லை 11.6-இலிருந்து 17.2 சதவீதத்துக்கு ஏறுகிறது. ஒரு கண்ணின் முடிவு இவ்வளவு நகர்த்துகிறதென்றால் சாம்பிள் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். குறியீட்டு எண் மட்டும் ஒட்டிய குழாயோடு, இரண்டு பேர் தனித்தனியே படித்து, இருவர் எழுதியதையும் அப்படியே பதிவுசெய்யுங்கள்.

அடுத்தது ஒரே நோயாளியின் பல சாம்பிள். காய்ச்சலின் ஐந்தாம் நாள், எட்டாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று 12 பேரிடம் மும்முறை ரத்தம் எடுத்துவிட்டு, ‘சாம்பிள் 36’ என்று எழுதுகிறீர்கள். ஒருவருடைய உடலில் எதிர்ப்புப் பொருள் குறைவாக உண்டாகிறதென்றால் மூன்று நாளும் கிட் தவறிவிட வாய்ப்பு அதிகம். அந்த மூன்றும் தனித்தனிச் சாட்சிகள் இல்லை. 36 என்று போட்டுக் கணக்கிட்ட இடைவெளி பொய்யாக ஒடுங்கியிருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு சாம்பிள் என்று எடுத்து 12-க்கு இடைவெளி போடுங்கள். இல்லையென்றால் நோயாளி வாரியாகத் தொகுத்துக் கணக்கிடும் முறையை நாடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது மூன்றாவது: கட்ஆஃப். எலைசாவில் ஓடி மதிப்பு எதற்கு மேல் போனால் பாசிட்டிவ் என்பதை, உங்கள் 20 நோயாளிகளையும் 20 ஆரோக்கியமானவர்களையும் வைத்து ஆர்ஓசி வளைவு வரைந்து, சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் சேர்ந்து உச்சமாக வரும் புள்ளியைப் பிடிக்கிறீர்கள். பிறகு அதே நாற்பது சாம்பிளில் அந்தக் கட்ஆஃபுக்கு சென்சிட்டிவிட்டி 95% என்று அறிவிக்கிறீர்கள். கிடைத்த சாம்பிளுக்கு ஏற்றபடி கோட்டை நகர்த்திவிட்டு, அதே சாம்பிளில் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். `binom.test` கட்ஆஃப் முன்பே முடிவானது என்று நம்பித்தான் கணக்கிடுகிறது. நீங்கள் தேடிப் பிடித்தது அதற்குத் தெரியாது. எண்ணிக்கை ஆயிரத்தில் இருந்தால் இந்த மிகைப்பு சிறியது. நாற்பதில் அது பெரியது. வழி எளிது: தயாரிப்பாளர் சொன்ன கட்ஆஃபையே முதன்மை முடிவாக வையுங்கள். புதிய கட்ஆஃப் தேடினால், அதை வேறு சாம்பிளில் சோதிக்கும் வரை ‘பரிசீலனைக்கு உரியது’ என்று மட்டும் எழுதுங்கள்.

முப்பது சாம்பிளில் சோதிப்பது பெரிய அமைப்புகளும் செய்வதுதானே என்று வைவாவில் ஒருவர் கேட்டார். செய்கிறார்கள். அமெரிக்காவின் எஃப்டிஏ 2020 மே 4 அன்று எதிர்ப்புப் பொருள் கிட்டுகளுக்கு நெறி வகுத்தபோது, குறைந்தபட்சம் சென்சிட்டிவிட்டி 90%, ஸ்பெசிஃபிசிட்டி 95% வேண்டும் என்றது. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நடந்த தனிச் சோதனையில் பெரும்பாலும் 30 பாசிட்டிவ், 80 நெகட்டிவ் சாம்பிள்களே இருந்தன. வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் எண்ணை வெறுமனே விடவில்லை. எல்லா சாம்பிளிலும் சரியாகச் சொன்ன கிட்டுக்கும், சென்சிட்டிவிட்டி 100% (88.7 முதல் 100), ஸ்பெசிஃபிசிட்டி 100% (95.4 முதல் 100) என்று இடைவெளியோடு வெளியிட்டார்கள். கூடவே, மக்களில் 5% பேருக்குத் தொற்று இருந்தால் பாசிட்டிவ் என்று வந்தவருக்கு உண்மையில் தொற்று இருக்க வாய்ப்பு என்ன என்பதையும் இடைவெளியோடு போட்டார்கள்.

அதை நாமே கணக்கிடலாம். 1,000 பேர், அவர்களில் 50 பேருக்குத் தொற்று. இடைவெளியின் நல்ல ஓரத்தில் கிட் 50 பேரையும் பிடிக்கும், வேறு யாரையும் தவறாகச் சொல்லாது. பாசிட்டிவ் வந்தவர் அத்தனை பேருக்கும் தொற்று உண்டு. மோசமான ஓரத்தில் 50-இல் 44 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 4.6%, அதாவது 44 பேரைத் தவறாகச் சொல்லும். பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் தொற்று. ஒரு தவறும் செய்யாமல் முழு மதிப்பெண் வாங்கிய கிட் இது. அதைப் பற்றி 110 சாம்பிள் சொல்வது, ‘பாசிட்டிவ் வந்தால் நூற்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை எதுவும் இருக்கலாம்’ என்பதுதான். இரண்டு ஓரங்களும் ஒரே நேரத்தில் மோசமாக இருப்பது அரிது என்பது உண்மை. ஆனாலும் உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் ‘இந்தக் கிட் நூறு சதவீதம் சரி’ என்று சொல்லும் உரிமையை அந்த 110 சாம்பிள் யாருக்கும் தரவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஆய்வுத் திட்டம் எழுதும் நாளிலேயே, ‘எந்த அளவுக்கு மேல் தவறு இருந்தால் இந்தக் கிட் நமக்கு வேண்டாம்’ என்று ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். தவறு 1%-க்குள் இருக்கவேண்டும் என்றால், ஒரு தவறும் வராமலே 300 நெகட்டிவ் சாம்பிள் வேண்டும். ஒரு தவறு வந்தாலும் அதைவிட அதிகம் வேண்டும். நெகட்டிவ் சாம்பிள் கிடைப்பது பெரும்பாலும் கடினமில்லை. ரத்த வங்கியிலும் பழைய ஆய்வுகளின் உறைபெட்டியிலும், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, கேட்டுப் பெறலாம். நோயாளிகளின் சாம்பிள்தான் அரிது. அது முப்பதைத் தாண்டவில்லை என்றால் தாண்டவில்லை. ஆய்வின் பெயரையே அதற்கேற்ப அடக்கமாக வையுங்கள்.

முடிவை எழுதும்போது சதவீதத்துக்கு முன் எண்ணிக்கையை எழுதுங்கள்: ‘30-இல் 28 (93.3%, 95% இடைவெளி 77.9 முதல் 99.2 வரை)’. தசமப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கத்தை நம்பி இரண்டு கிட்டுகளுக்குத் தரவரிசை போடாதீர்கள். 28 பேரைப் பிடித்த கிட்டுக்கும் 26 பேரைப் பிடித்த கிட்டுக்கும் இடையில் இருப்பது இரண்டு நோயாளிகள். இரண்டு கிட்டையும் ஒரே சாம்பிள்களில் சோதித்திருந்தால், எந்தெந்த சாம்பிளில் இரண்டும் வேறுபட்டன என்று தனியே எண்ணி அதைக் காட்டுங்கள். ஒப்பீட்டுக்கான செய்தி அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கைடு ‘இடைவெளி போட்டால் முடிவு பலவீனமாகத் தெரியுமே’ என்று சொன்னால், அவரிடம் சாண்டா கிளாராவின் 401-ஐயும் 3,324-ஐயும் காட்டுங்கள். இரண்டிலும் 99.5%. அதற்குப் பிறகும் கேள்வி இருந்தால் இருவரும் சேர்ந்து என் அறைக்கு வாருங்கள். சமர்ப்பிக்கும் தேதிக்கு முந்தைய வாரம் வேண்டாம். சாம்பிள் எடுக்கத் தொடங்கும் முன்பே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் புள்ளியியல் ஆசிரியர்